இடர்ப் பதிவேடு: ஒரு வரியை ஒழுங்காக எழுதுவது எப்படி?

முதன்முறையாகத் திட்ட நிர்வாகியாகும் இளையர்கள் என்னிடம் காட்டும் இடர்ப் பதிவேடுகளில் பெரும்பாலும் “இணையப் பிரச்சினை”, “தாமதம்” என்ற ஒற்றைச் சொற்களே இருக்கும். இவற்றை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது.

40 பேர் வேலை செய்யும் அலுவலகம் ஒன்றைக் கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு மாற்றும் பொறுப்பை நான் ஏற்றபோது, பதிவேட்டின் முதல் வரியை இப்படி எழுதினோம்: “கட்டட நிர்வாகத்தின் அனுமதி தாமதமானால், ஜூலை 1-க்குள் இணைய இணைப்பு கிடைக்காமல் போகலாம், அதனால் வாடிக்கையாளர் சேவை நின்றுவிடும்.” காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் இதில் இருக்கின்றன.

அடுத்து மதிப்பெண். அளவுகோல் 1 முதல் 5 வரை. ஒவ்வோர் எண்ணுக்கும் என்ன பொருள் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். எங்கள் கணக்கில், ஒரு நாளுக்கு மேல் வேலை நின்றால் பாதிப்பு 5. அதே கட்டடத்தில் இருந்த மற்ற வாடகைதாரர்களைக் கேட்டோம். பலர் இணைப்புக்காகக் காத்திருந்தது தெரிந்தது. ஆகவே நிகழும் வாய்ப்பு 4. இரண்டையும் பெருக்கினால் 20.

பெருக்குத்தொகையை மட்டும் நம்பக்கூடாது. வாய்ப்பு 1, பாதிப்பு 5 என்றாலும், வாய்ப்பு 5, பாதிப்பு 1 என்றாலும் விடை 5தான். முன்னது நடந்தால் அலுவலகமே முடங்கும். பின்னது அன்றாடத் தொல்லை. அதனால் பாதிப்பு 5 உள்ள வரிகளை நான் தனியே பார்ப்பேன்.

பொறுப்பாளர் கட்டத்தில் “தொழில்நுட்பப் பிரிவு” என்று எழுதினால், யாரும் பொறுப்பில்லை என்றே பொருள். ஒருவரின் பெயர் வேண்டும். இணையச் சேவை நிறுவனத்தின் பெயரையும் போடக்கூடாது. அவர்களை விரட்டிக் கேட்க நம் ஆள் ஒருவர் தேவை. எங்கள் தொழில்நுட்ப அதிகாரி அதை ஏற்றார்.

கடைசியாக, எதிர்நடவடிக்கை. அது வாய்ப்பைக் குறைக்கிறதா, பாதிப்பைக் குறைக்கிறதா என்று கேளுங்கள். ஆறு வாரத்துக்கு முன்பே அனுமதிக்கு விண்ணப்பித்தோம். வாய்ப்பு 2 ஆனது. கைப்பேசிக் கட்டமைப்பில் இயங்கும் ரௌட்டர்களை வாடகைக்கு எடுக்க ஏற்பாடு செய்தோம். வேகம் குறைந்தாலும் சேவை நிற்காது என்பதால் பாதிப்பும் 2. மீதமிருந்த மதிப்பெண் 4. “கவனமாகக் கண்காணிப்போம்” என்பது இரண்டு எண்களில் எதையும் குறைக்காது.

ரௌட்டரை எப்போது எடுப்பது? “ஜூன் 10-க்குள் இணைப்புத் தேதி உறுதியாகாவிட்டால்” என்று அதே வரியில் குறித்தோம். தேதி இல்லாவிட்டால், இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றே நாள்கள் ஓடிவிடும்.

வாராந்தரக் கூட்டத்தில் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஒரு மாதமாக ஓர் எண்கூட மாறவில்லை என்றால், இடர்கள் அடங்கிவிட்டன என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் பதிவேட்டை யாரும் தொடவில்லை என்பதே காரணமாக இருக்கும்.