பாதி மாதச் சம்பளம்: எதால் வகுப்பது?

மாதத்தின் நடுவில் வேலையில் சேருபவருக்கும் விலகுபவருக்கும் அந்த மாதம் முழுச் சம்பளம் வராது. வேலையில் இருந்த நாட்களுக்கு மட்டும் விகிதப்படி போடுவார்கள். மாதச் சம்பளத்தை நாட்களால் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் வரும். அதை இருந்த நாட்களால் பெருக்கினால் கணக்கு முடிந்தது. ஆனால் எந்த எண்ணால் வகுப்பது என்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் வழக்கம் மாறும்.

மாதம் 30,000 ரூபாய் சம்பளத்தில் ஒருவர் 2024 அக்டோபர் 17-ஆம் தேதி சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 17 முதல் 31 வரை 15 நாட்கள். காலண்டர் நாட்களை எடுத்தால் 30,000-ஐ 31-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். 14,516 ரூபாய் வரும். எல்லா மாதத்துக்கும் 30 நாள் என்று வைத்திருக்கும் இடத்தில் அவருக்கு 15,000 ரூபாய். வாராந்தர விடுமுறையைக் கழித்து மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கிடும் இடங்களும் உண்டு. பணிக்கொடைக் கணக்கில் சட்டமே 26-ஆல்தான் வகுக்கச் சொல்கிறது. அந்த முறையில், 20, 27 ஆகிய இரண்டு ஞாயிறுகள் போக அவருடைய வேலை நாட்கள் 13. அப்போதும் 15,000 ரூபாய்தான்.

மூன்றில் எதுவும் பெரிய அநியாயம் செய்துவிடுவதில்லை. இரண்டு முறைகளைக் கலக்கும்போதுதான் தொழிலாளிக்கு அடி விழுகிறது. ஞாயிறுகளையும் சேர்த்து 31-ஆல் வகுத்துவிட்டு, பெருக்கும்போது மட்டும் ஞாயிறுகளை விட்டு 13 நாள் என்று எடுத்தால் 12,581 ரூபாய்தான் கைக்கு வரும். கிட்டத்தட்ட இரண்டாயிரம் போய்விடும். மேலே ஞாயிறு உண்டென்றால் கீழேயும் இருக்க வேண்டும். வராத நாளுக்கான பிடித்தம், வேலை செய்ய வேண்டிய மொத்தக் காலத்தில் வராத காலத்தின் விகிதத்தை மிஞ்சக் கூடாது என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் விதித்ததும் இதே நியாயத்தில்தான்.

30 நாள் முறையில் பிப்ரவரி ஒரு பொறி. 28 நாள் பிப்ரவரியில் 2-ஆம் தேதி சேர்ந்தவருக்கு இருந்த நாட்கள் 27. அதன்படி 27,000 ரூபாய். தவறியது ஒரே நாள், குறைந்ததோ 3,000 ரூபாய். இல்லாத நாளை மட்டும் கழிக்கும் அலுவலகத்தில் அவருக்கு 29,000 கிடைத்திருக்கும். எந்த வழி என்பதை வேலை நியமன ஆணையிலோ நிறுவன விதிகளிலோ பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

சம்பளச் சீட்டில் பேசிக், வீட்டு வாடகைப்படி என ஒவ்வொரு வரியும் அதே விகிதத்தில் குறைந்திருக்க வேண்டும். பி.எஃப். பிடித்தமும் அப்படித்தான். பேசிக் 15,000 என்றால் முழு மாதத்துக்குப் பிடிப்பது 12 சதவீதமான 1,800 ரூபாய். காலண்டர் முறையில் அந்த அக்டோபருக்கு பேசிக் 7,258 ஆகிவிடுவதால் பிடிக்க வேண்டியது 871 ரூபாய் மட்டுமே.