பொருளாளர் உரை: சேமநிதி செலவா, கையிருப்பா?



குடியிருப்பாளர் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் ஆற்றும் உரையை எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் விளிப்பு, வணக்கம், நன்றி எல்லாவற்றையும் அழகாக எழுதிவிடுகிறார்கள். கணக்கு வரும் இடத்தில்தான் சறுக்கல். "இவ்வாண்டு நம் சங்கம் இவ்வளவு இலாபம் ஈட்டியது" என்று எழுதுவார்கள். சங்கம் கடை இல்லையே! பொருளாளர் சொல்ல வேண்டியது இலாபம் அல்ல. போன வருஷம் எவ்வளவு இருந்தது, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதுதான்.

மலாக்காவில் மெர்லிமாவ், ஜாசின், ஆலோர் காஜா பக்கம் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் பலர் இன்று தாமான்களில் இருக்கிறார்கள். அப்படி 60 வீடுகள் உள்ள ஒரு தாமானை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் 10 ரிங்கிட் சந்தா. எண்கள் நான் வகுப்புக்காகப் போட்டவை.

சென்ற ஆண்டு இறுதியில் வங்கியிலும் கையிலும் சேர்த்து 2,600 ரிங்கிட் இருந்தது. அதில் 1,500 சேமநிதி. இவ்வாண்டு வரவு 7,000 ரிங்கிட்: இவ்வாண்டுச் சந்தா 5,850, பழைய நிலுவை வசூல் 360, அடுத்த ஆண்டுக்கு முன்கூட்டியே கட்டியது 240, நன்கொடை 550. செலவு 5,800 ரிங்கிட்: புல் வெட்ட 3,600, மண்டப விளக்கும் மின்கட்டணமும் 1,150, தீபாவளி உபசரிப்பு 900, எழுதுபொருள் 150.

பழைய நிலுவையும் முன்பணமும் ஏன் இந்த ஆண்டு வரவில் வருகின்றன என்று மாணவர் கேட்பார். இது வரவு செலவுக் கணக்கு; பணம் எந்த நாளில் கைக்கு வந்ததோ அந்த ஆண்டில்தான் எழுத வேண்டும். அதே காரணத்தால், இன்னும் வராத சந்தா வரவில் சேராது. 60 வீடும் ஒழுங்காகக் கட்டியிருந்தால் 7,200 வந்திருக்கும். குறைகிற 1,350 ரிங்கிட்டை உரையில் நிலுவை என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

இனி சேமநிதி. சென்ற கூட்டத்தின் தீர்மானப்படி இவ்வாண்டு 600 ரிங்கிட்டை அதற்கு ஒதுக்கினார்கள். பல மாணவர்கள் இதைச் செலவில் போடுகிறார்கள். (மாணவர் மட்டுமா? நான் பார்த்த ஒரு தாமான் கூட்டத்தில் பெரியவர்களே இதற்காக அரை மணி நேரம் சண்டை போட்டார்கள்.) அப்படிப் போட்டால் செலவு 6,400 ஆகும், இருப்பு 3,200 என்று வரும். ஆனால் வங்கியில் 3,650, கையில் 150, ஆக 3,800 இருக்கிறது. காகிதத்துக்கும் பணத்துக்கும் சரியாக 600 வித்தியாசம். ஒதுக்கிய பணம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை, சங்கத்திடமே இருக்கிறது; ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியது, அவ்வளவுதான். ஆக இருப்பு 3,800. அதில் சேமநிதி 2,100, பொதுச் செலவுக்கு 1,700.

வித்தியாசம் என்றாலே தவறு என்றும் நினைக்கக் கூடாது. புல் வெட்டுபவருக்கு டிசம்பரில் கொடுத்த 300 ரிங்கிட் காசோலையை அவர் இன்னும் மாற்றாவிட்டால், வங்கி அறிக்கை 3,950 என்று காட்டும். அதைப் பொருளாளர் ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

தரை வீட்டுத் தாமான் சங்கத்தில் சேமநிதி வைப்பது உறுப்பினர்களின் முடிவு. அடுக்குமாடி என்றால் வேறு. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, சாயம் பூசுதல் போன்ற பெருஞ்செலவுகளுக்கான நிதியைப் பராமரிப்புக் கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம், பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கைப் பதிவதிகாரிக்கு அனுப்ப வேண்டும்.

இத்தனையும் தெரிந்தால் உரையின் நடுப்பகுதி இப்படி அமையும்:

"அவைத்தலைவர் அவர்களே, செயலவையினரே, தாமான் மக்களே! ஆண்டுத் தொடக்கத்தில் நம் கையில் 2,600 ரிங்கிட் இருந்தது. இவ்வாண்டு 7,000 ரிங்கிட் வந்தது. 5,800 ரிங்கிட் செலவானது. இன்று இருப்பு 3,800 ரிங்கிட். இதில் 2,100 ரிங்கிட் சேமநிதி. மண்டபக் கூரை போன்ற பெரிய பழுதுக்கு மட்டுமே, உங்கள் ஒப்புதலோடு அதை எடுப்போம். மீதம் 1,700 ரிங்கிட்டில் 240 ரிங்கிட் அடுத்த ஆண்டுச் சந்தாவாகச் சிலர் முன்கூட்டியே கட்டியது. 1,350 ரிங்கிட் நிலுவை இன்னும் வர வேண்டும். ரசீதுப் புத்தகமும் வங்கி அறிக்கையும் மேசையில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்."

எழுதி முடித்ததும் மாணவர்களையே உறுப்பினர்களாக உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் முதலில் வந்த கேள்வி இது: "3,800 இருக்கே, அப்புறம் ஏன் சந்தாவை ஏத்துறீங்க?" பொருளாளராக நின்ற மாணவி சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, புல் வெட்ட மட்டும் மாசம் 300. சேமநிதியைத் தொடாம 1,700-ஐ வெச்சு அஞ்சு மாசம் வெட்டலாம், ஆறாவது மாசம் முடியாது."