அசுவினியே இல்லாத தோட்டத்தில் அசுவினி பரப்பும் நோய்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பப்பாளி போட்டவர்களிடம் தேமல் நோயைப் பற்றிப் பேசினால் முதலில் வரும் கேள்வி இதுதான்: “அசுவினிதான் பரப்புதுன்னு சொல்றீங்க. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன், ஒரு பூச்சிகூட இல்லையே?” கேள்வி நியாயமானது. பருத்தி இலையின் அடிப்பக்கத்தில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் அசுவினியைப் பப்பாளியில் அப்படிப் பார்ப்பது அரிது. பப்பாளி அதற்குப் பிடித்த உணவு இல்லை. பிடிக்காத செடி என்பதால்தான் நோய் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது. நோய் கண்ட கன்றை ஏன் உடனே பிடுங்கச் சொல்கிறார்கள் என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது.

இறக்கை முளைத்த அசுவினி காற்றோடு பறந்து வந்து, பச்சையாகத் தெரியும் எதன் மீதும் இறங்கும். மேலிருந்து பார்த்து இது பருத்தி, இது பப்பாளி என்று பிரித்தறிய அதற்குத் தெரியாது. இறங்கியதும் ஊசி போன்ற வாயுறுப்பை இலையின் மேல்தோலில் இறக்கிச் சுவை பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் எழுந்து அடுத்த செடிக்குப் போகும். இதற்குச் சில விநாடிகள் முதல் ஒரு நிமிடம் வரை போதும். அந்தச் செடியில் இந்தத் தேமலுக்குக் காரணமான வளையப்புள்ளி வைரஸ் இருந்தால், அந்தச் சில விநாடிகளிலேயே அது வாயுறுப்பின் நுனியில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்ட வைப்பதற்கென்றே வைரஸ் தன்னிடம் ஓர் உதவிப் புரதத்தை வைத்திருக்கிறது. அடுத்த பப்பாளியில் சுவை பார்க்கும்போது வைரஸ் உள்ளே இறங்கிவிடுகிறது.

வைரஸ் அசுவினியின் உடலுக்குள் போவதில்லை, அங்கே பெருகுவதும் இல்லை. மையில் தோய்த்த ஊசியை நாலைந்து காகிதத்தில் குத்தினால் மை தீர்ந்துவிடுவது போல, சில செடிகளில் குத்தியதும் அந்த அசுவினி சுத்தமாகிவிடும். திரும்ப நோய் பரப்ப வேண்டுமானால், திரும்பவும் நோயுள்ள ஒரு செடியில் அது குத்தியாக வேண்டும்.

ஆக, வைரஸின் இருப்பிடம் அசுவினி இல்லை, நோயுற்ற பப்பாளிதான். ஒருமுறை தொற்றிய பப்பாளி சாகும்வரை வைரஸைச் சுமந்துகொண்டே இருக்கும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அசுவினியைக் கொல்லும் பூச்சிக்கொல்லியும் இங்கே உதவுவதில்லை. மருந்து பட்டு அசுவினி சாகச் சில நிமிடங்களோ மணிக்கணக்கோ ஆகும், வைரஸை இறக்கவோ சில விநாடிகள் போதும். வாரம் ஒருமுறை மருந்து அடித்தும் தோட்டத்தைக் காப்பாற்ற முடியாமல் போனவர்களின் கதை இதுதான்.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் அசுவினியை ஒழிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரம்பலூரின் கரிசல் காடுகளில் பருத்தியும் மக்காச்சோளமும்தான் முதன்மைப் பயிர்கள். வேப்பந்தட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பருத்தி அசுவினி, மக்காச்சோள அசுவினி, தட்டைப்பயறிலும் கடலையிலும் வரும் கறுப்பு அசுவினி மூன்றுமே இந்த வைரஸைச் சுமக்கக்கூடியவை. மழை ஓய்ந்து மார்கழிப் பனியும் வறண்ட காற்றும் வரும்போது அசுவினி பெருகும். கூட்டம் நெருக்கடியாகி, பயிரும் முதிர்ந்து காயத் தொடங்கினால், இறக்கை உள்ளவை பிறந்து கிளம்பும். நூறு ஏக்கர் பருத்திக்கு நடுவே ஓர் ஏக்கர் கிணற்றுப் பாசனப் பப்பாளி இருந்தால் அதன் மீது எத்தனை ஆயிரம் இறங்கும் என்று யாரும் எண்ண முடியாது. ஆனால் பருத்தியில் இந்த வைரஸ் கிடையாது, மக்காச்சோளத்திலும் கிடையாது. அங்கிருந்து வரும் அசுவினி வெறும் வாயோடுதான் வருகிறது. வழியில் அதற்கு வைரஸ் கொடுப்பது பெரும்பாலும் நோயுள்ள இன்னொரு பப்பாளிதான்.

தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளத்தை முன்கூட்டியே விதைக்கச் சொல்வதும் இதை வைத்துத்தான். வெளியிலிருந்து வைரஸோடு வரும் அசுவினி முதலில் உயரமான மக்காச்சோளத்தில் இறங்கிக் குத்தினால், வாயில் இருந்த வைரஸ் அங்கேயே தீர்ந்துவிடும். வேலி நல்லதுதான். ஆனால் அது வெளியிலிருந்து வருவதைத்தான் குறைக்கும். தோட்டத்துக்குள்ளேயே ஒரு செடி நோயோடு நின்றால், வேலிக்கு உள்ளே நடக்கும் பரவலை அது தடுக்காது.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 1,200 கன்றுகள். நட்டு மூன்றாவது மாதத்தில் ஐந்து செடிகளில் தேமல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தொற்று ஏற்பட்ட பிறகு அறிகுறி வெளியே தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். எனவே இன்று நாம் பார்க்கும் ஐந்து செடிகள் மூன்று வாரத்துக்கு முந்தைய செய்தி. அதன் பிறகு தொற்றியவை இன்னும் பச்சையாகவே நிற்கின்றன. ஐந்தையும் இன்று பிடுங்கினாலும் அடுத்த வாரம் நான்கு தெரியும், அதற்கடுத்த வாரம் ஆறுகூடத் தெரியலாம். “பிடுங்கினாலும் வந்துகிட்டுத்தான் இருக்கு” என்று பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். உண்மையில் அவை பிடுங்குவதற்கு முன்பே தொற்றியவை. பிடுங்கியதால் பலன் உண்டா இல்லையா என்பது நான்காவது, ஐந்தாவது வாரத்தில்தான் தெரியும். அதுவரை வாரம் ஒருமுறையாவது வரிசை வரிசையாக நடந்து, கண்ணில் பட்டதை அன்றே எடுக்க வேண்டும். ஐந்து செடி தெரியும்போது தொடங்கினால் இழப்பு இருபது முப்பது செடிகளோடு நிற்க வாய்ப்புண்டு. கால்வாசித் தோட்டம் மஞ்சளான பிறகு பிடுங்கினால், கண்ணுக்குத் தெரியாமல் தொற்றியவை அதைவிட அதிகமாக இருக்கும், உழைப்புதான் வீண்.

எதைப் பிடுங்குவது என்பதில் அவசரம் கூடாது. பப்பாளி இலை சுருங்கினாலே வைரஸ் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பக்கத்துச் சோளக்காட்டில் அடித்த 2,4-டி களைக்கொல்லி காற்றில் வந்து பட்டாலும் இலை நூல் நூலாகச் சிதையும். சிலந்திப்பேன் தாக்கினாலும் நுனி இலை சுருங்கும். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை வேறொரு வைரஸ் நோய். அதில் இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, நரம்பு தடித்துப் போகும். வளையப்புள்ளி நோயை உறுதி செய்ய இலைக்காம்பைப் பார்க்க வேண்டும். குருத்துக்குக் கீழே உள்ள காம்புகளிலும் தண்டின் மேல்பகுதியிலும் எண்ணெய் சிந்தியது போல அடர்பச்சைக் கோடுகள் நீளவாக்கில் தெரியும். காலை வெயிலில் காம்பைச் சாய்த்துப் பிடித்தால் இன்னும் தெளிவாகப் புலப்படும். காய் இருந்தால் அதன் தோலில் வட்ட வட்டமாக வளையங்கள் இருக்கும். நோயின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். களைக்கொல்லி பட்ட செடியில் இந்தக் கோடுகள் இருக்காது; சில வாரங்களில் புதுக் குருத்து நன்றாக வந்துவிடும்.

பிடுங்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். இடுப்பு உயரத்தில் வெட்டிவிட்டால் பக்கக்கிளை துளிர்க்கும், அந்தத் துளிரிலும் வைரஸ் இருக்கும். இளந்துளிர் என்பதால் அசுவினி அதில் இறங்கவும் செய்யும். பிடுங்கிய செடியை வரப்பில் போடாமல் குழியில் புதைத்துவிட வேண்டும். மண்ணுக்கு மருந்து எதுவும் தேவையில்லை. உயிருள்ள செடிக்கு வெளியே இந்த வைரஸ் நிலைப்பதில்லை, விதை வழியாகவும் பரவுவதில்லை. ஆனால் நாற்று வழியாகப் பரவும். திறந்த வெளியில் வளர்த்த நாற்றில் தொற்று இருந்தால், அதை வாங்கிப் போகிற ஒவ்வொரு ஊருக்கும் நோய் வண்டியேறிப் போகும். நெருக்கமான கண்ணியுள்ள நைலான் வலைக்குள் வளர்த்த நாற்றைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பப்பாளியைத் தாக்கும் இந்த வைரஸ் பூசணி, சுரை, பீர்க்கு வகைகளிலும் தொற்றும். ஊடுபயிராக அவற்றைப் போடாமல் இருப்பது நல்லது.

இனி, கடினமான பகுதி. பிஞ்சுக் கன்றைப் பிடுங்குவதில் யாருக்கும் பெரிய தயக்கம் இருக்காது. பூக்கும் முன்பே நோய் வந்த செடி பெரும்பாலும் விற்கத் தகுந்த காய் தராது. காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தில் நோய் வந்தால்தான் சிக்கல். ஏற்கெனவே பிடித்த காய்கள் தேறும், அடுத்து வருபவை இனிப்புக் குறைந்து சிறுக்கும். இருப்பதை விற்றுக்கொள்வோம் என்று விவசாயி விட்டுவைக்கிறார். விலை சரிந்தால் பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் தோட்டத்தையே அப்படியே விட்டுவிடுகிறார். அவரைப் பொறுத்தவரை கணக்கு சரிதான். பக்கத்துக் காட்டில் புதிதாக நட்டவருக்கோ அந்த நோய்த்தோட்டம் மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் வைரஸ் கிடங்கு.

ஹவாய்த் தீவுகள் இதைப் பெரிய அளவில் அனுபவித்துவிட்டன. ஒவாஹு தீவில் 1950களில் இந்த நோய் பப்பாளித் தொழிலை முடித்துவைத்தது. விவசாயிகள் பெரிய தீவில் உள்ள பூனா பகுதிக்கு இடம் மாறினார்கள். அதே தீவில், சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, ஹீலோ நகரில் வைரஸ் இருந்தது. ஆனாலும் மாநில வேளாண் துறை ஆட்கள் வீட்டுத் தோட்டங்கள் வரை தேடிப் போய் நோயுள்ள மரங்களை வெட்டியே பல ஆண்டுகள் பூனாவைக் காப்பாற்றினார்கள். 1992 மே மாதம் பூனாவிலேயே நோய் தெரிந்தது. தோட்டங்களில் மரங்களைக் குறியிட்டு வெட்டத் தொடங்கினார்கள். ஆனால் நோய் முற்றிய தோட்டங்களைச் சில விவசாயிகள் வெட்டாமல் கைவிட்டுப் போனார்கள், அங்கே வைரஸ் பெருகிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனது. 1994இல் இனிக் கட்டுப்படுத்த முடியாது என்று அரசு அறிவித்தது. கடைசியில் டென்னிஸ் கோன்சால்வஸ் குழு உருவாக்கிய மரபணு மாற்றப் பப்பாளி 1998இல் விவசாயிகள் கைக்கு வந்த பிறகுதான் அங்கே சாகுபடி நிமிர்ந்தது. இந்தியாவில் அப்படிப்பட்ட பப்பாளிக்கு அனுமதி இல்லை.

ஒரே ஊரில், ஒரே பிடுங்கும் வேலை பல ஆண்டுகள் பலித்து, பிறகு இரண்டே ஆண்டில் தோற்றது. நோய் தொலைவிலும் குறைவாகவும் இருந்தபோது பலித்தது. நோய் தோட்டங்களுக்கு நடுவிலேயே வந்து, எல்லோரும் வெட்டாதபோது தோற்றது. நம் ஊரில் தோட்டத்துக்குத் தோட்டம் வரப்புதான் எல்லை. அதனால் ஒருவர் மட்டும் தன் காட்டில் ஒழுங்காகப் பிடுங்குவது பாதிப் பலன்தான் தரும்.

கன்று நடும் முன் சுற்றியுள்ள காடுகளை ஒருமுறை நடந்து பாருங்கள். காய்ப்பு ஓய்ந்து மஞ்சளாய் நிற்கும் பழைய பப்பாளித் தோட்டம் இருந்தால், உரியவரிடம் பேசி, அதை வேரோடு எடுத்த பிறகே புதுக் கன்றை நடுங்கள். எடுக்கும் கூலியில் பாதியைக் கொடுத்தாவது எடுக்கச் சொல்லுங்கள்; ஒரு பருவம் முழுக்க மருந்துக்குச் செலவழித்துக் கிடைக்காத பலன் அதில் கிடைக்கும்.