ரைஸ் மில் வேலையை விடுறீங்களா? ராஜினாமா கடிதத்தோட இதையும் கொடுத்துடுங்க

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ரைஸ் மில்லில் கணக்கு பார்க்கிறவங்க வேலையை விடும்போது, சம்பள பாக்கி, பிஎஃப் பத்தி மட்டும்தான் யோசிப்பாங்க. ஒப்படைப்புக் குறிப்பை, "அதான் நேர்ல சொல்லிட்டேனே"ன்னு விட்டுடுவாங்க. நாலு மாசம் கழிச்சு இருப்பு குறைஞ்சா, பழி உங்க தலையில.

உங்க மில், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை முகவர்னு வெச்சுக்குவோம். நெல் அரசாங்கத்தோடது, மில்காரரோடது இல்லை. 100 கிலோ நெல்லுக்கு புழுங்கல்னா 68 கிலோ, பச்சரிசின்னா 67 கிலோ அரிசி திருப்பிக் கொடுக்கணும். 1,000 குவிண்டால் நெல் வந்திருக்கு, புழுங்கல். கொடுக்க வேண்டியது 680. இதுவரை 510 கொடுத்து குடோன் ரசீதும் வாங்கியாச்சு. பாக்கி 170 குவிண்டால்.

குறிப்பில் "170 பாக்கி"ன்னு மட்டும் எழுதினா போதாது. அது எங்கே இருக்குன்னும் எழுதணும். அரைக்காத நெல் 150 குவிண்டால் கிடந்தா அதுக்கு அரிசி 102. மீதி 68 குவிண்டால், அதாவது 50 கிலோ மூட்டை 136, அட்டியில் இருக்கணும். கடைசி நாள் புது ஆளைக் கூட்டிட்டுப் போய் எண்ணுங்க. 116 மூட்டைதான் இருந்துச்சுன்னா, 10 குவிண்டால் குறையுதுன்னு அப்பவே எழுதி, ரெண்டு பேரும் தேதி போட்டு கையெழுத்து போடுங்க. முதலாளி முகம் சுளிப்பார்தான், சுளிக்கட்டும். ரசீது கோப்பு எந்த அலமாரியில், எந்த தேதி வரைக்கும் இருக்குங்கறதையும் அதுலயே எழுதிடுங்க.

அடுத்து மொபைல் நம்பர். நிறைய மில்லில் ஜிஎஸ்டி ஓடிபி கணக்காளர் போனுக்குத்தான் வருது. நீங்க போனப்புறம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி வரும்போதெல்லாம் உங்களுக்குத்தான் போன் அடிப்பாங்க. துறை அனுப்பும் நோட்டீஸ் தகவலும் உங்க போனுக்கே வந்து, மில்லில் யாருக்கும் தெரியாமலே போயிடும். ஜிஎஸ்டி தளத்தில் Amendment of Registration Non-Core Fields போய், Authorized Signatory பகுதியில் மில்லோட நம்பரையும் மெயிலையும் மாத்தச் சொல்லுங்க. இதுக்கு அதிகாரி ஒப்புதல் தேவையில்லை. அதனால நீங்க இருக்கும்போதே முடிச்சிடலாம். இ-வே பில்லில் உங்க பேர்ல துணைப் பயனர் இருந்தா அதையும் முடக்கச் சொல்லி, முடக்கின தேதியைக் குறிப்பில் போடுங்க.

பாஸ்வேர்டை மட்டும் அந்தத் தாளில் எழுதாதீங்க, அது ஜெராக்ஸ் ஆகி ஊரெல்லாம் சுத்தும். மூடின கவரில் முதலாளி கையில் கொடுத்துட்டு, "கொடுத்தாச்சு"ன்னு ஒரு வரி போதும். தொடர்பு எண்களில் பேரோட எதுக்குக் கூப்பிடணும்னும் சேர்த்து எழுதுங்க: லாரி அனுப்பும் முன்னாடி குடோனில் யாரைக் கேட்கணும், சாக்குக் கணக்கு யார்கிட்ட இருக்குன்னு.

கையெழுத்தான குறிப்பு ரெண்டு பிரதி. ஒண்ணு உங்க வீட்டு பீரோவில், ரிலீவிங் லெட்டர் பக்கத்துல.