ஒரு சொல்லுக்கு எத்தனை காசு?

பால்மரம் வெட்டும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "கிலோவுக்கு இத்தனை காசு தருகிறேன், வருகிறீர்களா?" என்று கேளுங்கள். உடனே சரியென்று தலையாட்ட மாட்டார்கள். மரம் இளசா, பழசா? மேடா, பள்ளமா? மழை நாளுக்கு என்ன கணக்கு? இலையுதிர்ந்து பால் வற்றும் மாதங்களில் எப்படி? இத்தனையும் விசாரித்த பிறகுதான் வாய் திறப்பார்கள். வெட்டுவது மட்டுமல்ல, பாலெடுப்பது, சுமப்பது, நிறுக்கக் காத்திருப்பது எல்லாம் அந்த ஒரு கிலோவுக்குள்தான் அடங்கியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதே அறிவு, படித்து மேசைக்கு முன் உட்கார்ந்து வேலை செய்யும் நம் பிள்ளைகளிடம் இல்லாமற் போவதைச் சென்ற பள்ளி விடுமுறையில் ஜொகூர் பெர்மாஸ் ஜெயாவில் கண்டேன்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி அங்கே குடியிருக்கிறாள். கணவர் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. இரண்டு சிறு குழந்தைகள். அவர்களை விட்டுப் போக முடியாததால், ஆங்கிலத்திலும் மலாயிலும் வரும் தாள்களை வீட்டிலிருந்தபடியே தமிழாக்கிக் கொடுக்கிறாள். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூர் அருகிலேயே இருப்பதால் அங்கிருந்தும் வேலை வருகிறது. தேநீர் கொடுத்துவிட்டு, "சார், இதை விட்டுவிட்டு நானும் விடியற்காலையில் பாலம் தாண்டி வேலைக்குப் போகலாமென்று இருக்கிறேன். ராத்திரி ஒரு மணி வரை கண் விழிக்கிறேன், கையில் ஒன்றும் நிற்கவில்லை" என்றாள்.

"சொல்லுக்கு எவ்வளவு வாங்குகிறாய் அம்மா?" என்றேன்.

"பத்துக் காசு."

"அதை யார் சொன்னது?"

முதன்முதலில் வேலை கொடுத்த இடைத்தரகர் சொன்னாராம். அதையே நான்கு ஆண்டுகளாக எல்லாரிடமும் வாங்கிவருகிறாள். நம் ஆட்கள் பலர் விலை வைக்கும் முறை இதுதான். வாங்குகிறவர் சொன்னதே விலையாகிவிடுகிறது!

அவள் கடைசியாகச் செய்த வேலையை எடுத்துக்கொண்டோம். 2,000 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு சுகாதாரக் கையேடு. பத்துக் காசு வீதம் 200 வெள்ளி. மணிக்கு 250 சொல் எழுதுவாள், ஆகவே எட்டு மணி நேரம், மணிக்கு 25 வெள்ளி என்று அவள் மனக்கணக்கு. "மற்ற நேரத்தையும் நினைவுபடுத்திச் சொல்" என்றேன். வாசித்து நோய்ப் பெயர்களுக்குச் சரியான தமிழ்ச்சொல் தேட 2 மணி. எழுத 8 மணி. தானே பிழை திருத்த 2 மணி. கொடுத்தவர்கள் திருத்தம் கேட்டு இருமுறை திருப்பி அனுப்பியதில் 3 மணி. அச்சுக்குப் பக்கம் கட்டியபோது கொம்பும் காலும் இடம் மாறிப் போயின. அதைப் பார்த்துக் குறித்துக் கொடுக்க 1 மணி. ஆக 16 மணி. மணிக்குப் பன்னிரண்டரை வெள்ளிதான் நின்றது. எழுதும் நேரம் மொத்த நேரத்தில் சரிபாதி என்பதை அவளே அன்றுதான் பார்த்தாள். ஒரு மணிக்கு 250 சொல் அல்ல, 125 சொல்தான் அவளுடைய உண்மையான வேகம்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. நல்ல வேளையாக, வேலை நேரத்தை நாட்காட்டியில் குறித்துவைக்கும் பழக்கம் அவளுக்கு இருந்தது. (பள்ளியில் நான் கற்றுக்கொடுத்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.) பண்டிகை, குழந்தைகளின் காய்ச்சல், ஊர்ப் பயணம் இவற்றுக்கு ஆறு வாரம் தள்ளினால் 46 வாரம். வாரம் 30 மணி மேசையில் உட்கார முடிகிறது. மொத்தம் 1,380 மணி. ஆனால் பணம் வந்த வேலைக்குச் சென்றது 920 மணிதான். வேலை இருந்த ஒன்பது மாதங்களில் மாதம் 90 மணி வீதம் 810. அலுவலகங்கள் அடங்கிக் கிடந்த மூன்று மாதங்களில் எல்லாம் சேர்த்து 110. மிச்சமிருந்த 460 மணி, விலை கேட்டவர்களுக்குப் பதில் எழுதவும், கணக்குச் சீட்டு அனுப்பவும், வராத பணத்தைக் கேட்டு நடக்கவும், சும்மா காத்திருக்கவும் போயிற்று. உட்கார்ந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு!

மணிக்குப் பன்னிரண்டரை வெள்ளி வீதம் 920 மணிக்கு 11,500 வெள்ளி வருகிறது. மாதம் ஆயிரம் வெள்ளிகூட இல்லை. 2025இல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். அவள் கையில் ஒன்றும் நிற்காததில் என்ன ஆச்சரியம்?

ஆகவே விலையை மறு முனையிலிருந்து கட்டினோம். குடும்பத்துக்கு அவள் பங்காக மாதம் 2,000 வெள்ளி வேண்டும், ஆண்டுக்கு 24,000. இணையம், மின்சாரம், கணினி தேய்மானம், முதலாளி இல்லாததால் தானே ஊழியர் சேமநிதியில் போட வேண்டிய பணம் ஆகியவற்றுக்கு 3,600. கூட்டினால் 27,600. இதை 1,380ஆல் வகுப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. பணம் வரும் 920 மணியால் வகுக்க வேண்டும். மணிக்கு 30 வெள்ளி வருகிறது. வேலையில்லாத மாதங்களின் பாரத்தை இந்த 30 வெள்ளியே தாங்கிக்கொள்கிறது.

இனிச் சொல் விலை எளிது. மணிக்கு 125 சொல் நகரும் சுகாதாரக் கையேட்டுக்கு 24 காசு. பள்ளிக் கடிதம், கோயில் அறிவிப்பு போன்று கைபழகிய வேலை எல்லாம் சேர்த்தே மணிக்கு 200 சொல் ஓடுகிறது. அதற்கு 15 காசு போதும். இரண்டிலும் அவள் மணிக்குப் பெறுவது அதே 30 வெள்ளிதான். வேலைக்கு வேலை சொல் விலை மாறுவதில் தவறில்லை. மணி விலைதான் மாறக்கூடாது.

எந்தச் சொல்லை எண்ணுவது என்பதிலும் தமிழுக்கு ஒரு சங்கடம் உண்டு. மலாயில் 'கெபாடா இபு பாபா' என்று மூன்று சொல்லாக இருப்பது தமிழில் 'பெற்றோருக்கு' என்று ஒன்றாகிவிடுகிறது. அந்தக் கையேட்டின் 2,000 ஆங்கிலச் சொற்கள் தமிழில் ஏறக்குறைய 1,400 ஆயின. "முடித்த தமிழ்ச் சொல்லுக்கு 24 காசு" என்று ஒப்புக்கொண்டால் 480 வெள்ளி 336 ஆகச் சுருங்கும். மூலத்தின் சொல்லை எண்ண வேண்டும். தமிழ்ச் சொல்லைத்தான் எண்ணுவோம் என்று பிடிவாதம் பிடித்தால் 34 காசு கேட்க வேண்டும். இது நம் பேராசை அல்ல. ஜெர்மனியில் நீதிமன்ற மொழிபெயர்ப்புக்கான கூலிச் சட்டம் 55 எழுத்துத் தட்டல்களை ஓர் அலகாக வைத்து, பொதுவாக மொழிபெயர்த்த பிரதியில்தான் எண்ணச் சொல்கிறது. ஆனால் மூலம் மட்டும் லத்தீன் எழுத்தில் இருந்தால் மூலத்தையே எண்ணச் சொல்கிறது.

பக்க விலை சொல்பவர்கள் பக்கம் என்பது என்னவென்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். போலந்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு பக்கம் என்பது இடைவெளிகளையும் சேர்த்து 1,125 எழுத்துகள். தாளின் அளவு அல்ல. பிறப்புச் சான்றிதழ் போன்றவை வேறு வகை. நூறு சொல்தான் இருக்கும். ஆனால் பெயர்களின் எழுத்தைச் சரிபார்த்து, கட்டங்களை அப்படியே அமைத்து, அச்சிட்டுக் கொடுப்பதற்குள் ஒரு மணி போய்விடும். பத்துக் காசு கணக்கில் அவள் அதற்குப் பத்து வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போது எவ்வளவு சிறிய தாளானாலும் 30 வெள்ளிக்குக் குறைவில்லை.

திருத்தத்தைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினோம். அவளுடைய பழைய தாள்களை விரித்துப் பார்த்தபோது மூன்று விதமான சிவப்பு மை கண்ணில் பட்டது. ஓரிடத்தில் 15 மில்லி மருந்தை 5 என்று எழுதியிருந்தாள். அது அவள் பிழை. எத்தனை முறையானாலும் இலவசமாகத் திருத்திக் கொடுக்க வேண்டியது. இன்னோரிடத்தில் 'பயன்படுத்துக' என்றிருந்ததை யாரோ 'உபயோகிக்கவும்' என்று மாற்றியிருந்தார்கள். அது பிழையல்ல, ருசி. அந்த மாதிரித் திருத்தம் ஒரு சுற்று விலைக்குள் அடங்கும், அதற்கு மேல் மணிக்கணக்கு. மூன்றாவதுதான் கொள்ளை. தமிழை வாங்கிக்கொண்ட பின் ஆங்கிலத்திலேயே நான்காம் பத்தியை மாற்றி, "சின்னத் திருத்தம்" என்று அனுப்பியிருந்தார்கள். அது புது வேலை. இந்த வேறுபாட்டை வேலை முடிந்தபின் வாதாடிப் பயனில்லை. விலை சொல்லும் கடிதத்திலேயே நாலு வரி எழுதிவிட வேண்டும்.

"24 காசு சொன்னால் ஓடிவிடுவார்கள் சார்" என்றாள். சிலர் ஓடத்தான் செய்வார்கள். இதற்கு மேல் வாங்கு, கீழே வாங்காதே என்று மொழிபெயர்ப்பாளர்கள் சங்கம் கூடி விலை கட்ட வழியில்லை. 2012 முதல் நடப்பிலுள்ள போட்டிச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஒவ்வொருவரும் தம் கணக்கைத் தாமே போட வேண்டியதுதான். ஆனால் பேரம் பேசும்போது காசைக் குறைக்காமல் நேரத்தைக் குறைக்கலாம். கலைச்சொல் பட்டியலை அவர்களே கொடுத்தால் ஒரு மணி மிச்சம். திருத்தம் ஒரே சுற்று என்றால் ஒன்றரை மணி மிச்சம். பக்கம் பார்க்கும் வேலை வேண்டாமென்றால் ஒரு மணி. 16 மணி பன்னிரண்டரை ஆகிறது. விலை 375 வெள்ளி, சொல்லுக்கு ஏறக்குறைய 19 காசு. மணிக்கு 30 வெள்ளி அசையவில்லை.

கணக்குப் பார்க்கையில் இன்னொன்றும் தெரிந்தது. நல்ல மாதத்தில் 90 மணிக்கு 2,700 வெள்ளி வரும். தேவை 2,300. மீதி 400 வெள்ளி லாபமல்ல. மழை நாளுக்கு உரியது. ஒன்பது மாதத்தில் அது 3,600 ஆகும். மந்தமான மூன்று மாதங்களில் 110 மணிக்கு 3,300தான் வரும், தேவையோ 6,900. பள்ளம் சரியாக அந்த 3,600தான்.

இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினாள். பழைய இடைத்தரகர் புது விலையைக் கேட்டுப் பதிலே எழுதவில்லையாம். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் மறு பேச்சில்லாமல் 24 காசுக்கு ஒப்புக்கொண்டாராம். இன்னொருவர் கலைச்சொல் பட்டியலை அனுப்பிவிட்டு 19 காசுக்கு வந்திருக்கிறார். அந்த மாதம் வேலை செய்தது 70 மணிதான், 90 அல்ல; 2,100 வெள்ளி வந்தது. 920 மணி என்ற கணக்கை ஆண்டு முடிவில் மறுபடி பார்க்க வேண்டுமென்று நாட்காட்டியின் டிசம்பர் தாளில் குறித்துவைத்திருக்கிறாள்.