படத்தில் விடுபட்ட கடைசி வரி

என்னிடம் ஐ.ஈ.எல்.ரீ.எஸ். பரீட்சைக்குப் பயிலும் சகோதரி ஒருவர், தோழி கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பிய கட்டுரை வினாவுக்கு விடை எழுதி வந்தார். 280 சொற்கள், பிழையற்ற ஆங்கிலம். பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பராமரிப்பதே நல்லது என்று மூன்று காரணங்கள் காட்டியிருந்தார்.

வினாத்தாளைத் தருவித்துப் பார்த்தோம். பகல்நேரப் பராமரிப்பு நிலையமே சிறந்தது என்ற மறுகருத்தும், "இரு கருத்துகளையும் ஆராய்ந்து உங்கள் கருத்தையும் கூறுக" என்ற கடைசி வரியும் படத்தில் வெட்டுப்பட்டிருந்தன.

இக்கட்டுரைக்கு வினாவுக்கேற்ற விடை, கருத்துத் தொடர்ச்சி, சொல்வளம், இலக்கணம் ஆகிய நான்குக்கும் சமமாகப் புள்ளியிடுவர். கேட்டதில் பாதியை விட்டால், நல்ல ஆங்கிலம் இருந்தும் முதலாவதில் புள்ளி குறையும்.

40 நிமிடங்களில் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். எனவே இவ்வாறு பங்கிட்டோம்: தன் நிலைப்பாட்டைச் சொல்லும் முன்னுரை 40 சொற்கள், வீட்டுப் பராமரிப்பு 80, நிலையம் 80, தன் கருத்தும் காரணமும் 60. மொத்தம் 260.

படத்தில் வினா கிடைத்தால், என்ன செய்யச் சொல்லும் வரி அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில் முழுப் படத்தையும் கேட்டு வாங்கிய பின்பே எழுதத் தொடங்குங்கள்.