வீட்டு வைஃபையில் ஐபிவி6 ஆன் பண்ணுவது எப்படி? போன் தனக்குத் தானே முகவரி எடுத்துக்கொள்வது இப்படித்தான்!

மொரப்பூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. வாசல் கேட்டைப் பார்க்க ஒரு கேமரா மாட்டியிருக்கிறார்கள். சென்னையில் வேலை செய்யும் மகன், அந்தக் கேமராவைத் தன் போனில் நேரடியாகப் பார்க்க நினைக்கிறார். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் செய்தாகிவிட்டது. ஆனால் எத்தனை முறை முயன்றாலும் இணைப்பு கிடைப்பதில்லை.

ரவுட்டரும் நல்லாத்தான் இருக்கு, கேமராவும் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் என்ன பிரச்னை? அந்த வீட்டுக்கு இணையத்தில் சொந்தமாக ஒரு முகவரியே இல்லை என்பதுதான் பிரச்னை.

சொந்த முகவரி ஏன் இல்லை?

இணையத்தில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி வேண்டும். நாம் பழகிய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலக மக்கள்தொகையில் ஆளுக்கு ஒன்றுகூட வராது. உலக அளவிலான கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. நமது ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏபிநிக் அமைப்பும் அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுப்புக்கு வந்து, ரேஷன் முறையில் கொடுக்க ஆரம்பித்தது.

அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. உங்கள் வீடு அப்படியா என்று பார்ப்பது சுலபம். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் `WAN IP` என்ற இடத்தைப் பாருங்கள். அது 100.64-ல் இருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால், நீங்கள் இருப்பது பங்கு முகவரியில். உள்ளிருந்து வெளியே போகலாம். யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் ஓடும். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் உங்கள் வீட்டைத் தேடி வர முடியாது. மொரப்பூர் கேமரா சிக்கியது இங்கேதான்.

புதிய தலைமுறை முறையான ஐபிவி6-ல் இந்தப் பஞ்சம் கிடையாது. ஒரு வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் கிடைக்கும் முகவரிகள் சுமார் 1 லட்சத்து 84 ஆயிரம் கோடி கோடி. கேமரா, டிவி, போன் என்று ஒவ்வொன்றுக்கும் சொந்த முகவரி கிடைக்கும்.

முதலில் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்

வைஃபையை ஆஃப் பண்ணிவிட்டு, மொபைல் டேட்டாவில் `test-ipv6.com` தளத்தைத் திறங்கள். பெரும்பாலான 4ஜி, 5ஜி சிம்களில் ஐபிவி6 முகவரி காட்டும். அதாவது உங்கள் போன் ஏற்கெனவே புதிய முறையில்தான் இருக்கிறது. இப்போது வீட்டு வைஃபைக்கு மாறி, அதே தளத்தை மறுபடியும் திறங்கள். ஐபிவி6 இல்லை என்று வந்தால், குறை போனில் இல்லை, வீட்டு இணைப்பில் இருக்கிறது.

2022 டிசம்பர் 31-க்குப் பிறகு தரும் புதிய வீட்டு இணைப்புகள் ஐபிவி6-க்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை காலக்கெடு வைத்திருந்தது. ஆனாலும் ரவுட்டருக்குள் அந்த வசதி ஆஃப் ஆகவே கிடக்கும் வீடுகள் உண்டு.

ரவுட்டரில் ஆன் பண்ணுவது எப்படி?

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அதன் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். பல ரவுட்டர்களில் அது `192.168.1.1`. வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் அதைத் திறங்கள். எதையும் மாற்றும் முன், இப்போது இருக்கும் செட்டிங்ஸ் பக்கங்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்ற வேண்டியது இரண்டே இடம்தான். முதலாவது `WAN` பக்கம். அங்கே ஐபி வகை `IPv4` என்று மட்டும் இருந்தால் `IPv4/IPv6` என்று மாற்றுங்கள். பழையதை எடுத்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும், ஏனென்றால் பழைய முறையில் மட்டும் இயங்கும் தளங்கள் இன்னும் ஏராளம். அதே பக்கத்தில் `Prefix Delegation` என்று இருந்தால் அதையும் ஆன் பண்ணுங்கள். `VLAN ID` எண்ணையும் யூசர்நேமையும் மட்டும் தொடவே வேண்டாம். அதில் கை வைத்தால் இருக்கும் நெட்டும் போய்விடும்.

இரண்டாவது `LAN` பக்கம். அங்கே `IPv6` பகுதியில் `SLAAC` அல்லது `RA` என்பதைத் தேர்ந்தெடுங்கள். `DHCPv6` மட்டும் போதும் என்று விட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். லேப்டாப்புக்கு முகவரி கிடைக்கும், ஆண்ட்ராய்டு போனுக்குக் கிடைக்காது. ஏனென்றால் ஆண்ட்ராய்டு அந்த வழியில் தனக்கான முகவரியை வாங்குவதில்லை. 'லேப்டாப்ல வருது, போன்ல வரல' என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சேவ் கொடுத்து, ரவுட்டரை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள்.

போன் எப்படித் தானே முகவரி எடுத்துக்கொள்கிறது?

பழைய முறையில் ரவுட்டர்தான் ஒவ்வொரு கருவிக்கும் 'உனக்கு இந்த நம்பர்' என்று டோக்கன் கொடுக்கும். ஐபிவி6-ல் ரவுட்டர் தெருப் பெயரை மட்டும்தான் சொல்லும். கதவு எண்ணைப் போனே வைத்துக்கொள்ளும். அது நடக்கும் வரிசையைப் பார்க்கலாம்.

வைஃபையில் சேர்ந்ததும் போன் முதலில் தனக்கு ஒரு உள்ளூர் முகவரி போட்டுக்கொள்ளும். அது எப்போதும் `fe80` என்று தொடங்கும். வீட்டுக்குள் பேச மட்டும்தான் அது உதவும், வெளியே செல்லாது. அதைப் பயன்படுத்தும் முன், 'இந்த முகவரியை யாராவது வெச்சிருக்கீங்களா?' என்று நெட்வொர்க்கில் ஒரு கேள்வி அனுப்பும். வழக்கமாக ஒரு நொடி காத்திருக்கும். யாரும் பதில் சொல்லவில்லை என்றால் அது போனுக்குச் சொந்தம்.

அடுத்து, 'இங்க ரவுட்டர் யாராவது இருக்கீங்களா?' என்று கேட்கும். ரவுட்டர், 'நான்தான். இந்த வீட்டின் முன்பகுதி இது' என்று அறிவிக்கும். அந்த முன்பகுதிதான் தெருப் பெயர். இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்தது அது. போன் அதற்குப் பின்னால் தன் பகுதியைச் சேர்த்து முழு முகவரி செய்துகொள்ளும். மறுபடியும் 'யாராவது வெச்சிருக்கீங்களா?' என்று கேட்டு உறுதி செய்யும். அவ்வளவுதான், நெட் ரெடி!

உதாரணத்துக்கு ஒரு முகவரி. `2001:db8` என்று தொடங்குபவை விளக்கம் சொல்வதற்காகவே ஒதுக்கப்பட்டவை, யாருடைய வீட்டு முகவரியும் அல்ல.

```
2001:db8:12:3400:8c1f:52d7:a90e:6b34
```

இதில் `3400` வரை உள்ள முதல் நான்கு பகுதி ரவுட்டர் சொன்னது. மீதி நான்கும் போன் தானே வைத்துக்கொண்டது.

ஆரம்ப காலத்தில் அந்தப் பின்பகுதியைக் கருவியின் வைஃபை சிப் எண்ணிலிருந்து எடுத்தார்கள். சிப் எண் மாறாது. எனவே வீட்டில் இருந்தாலும், ஆபீஸில் இருந்தாலும் முகவரியின் வால் ஒன்றாகவே இருந்தது. 'இது அதே ஆள்தான்' என்று இணையதளங்கள் கண்டுபிடிக்க அது வழி செய்தது. அதனால் இப்போது போனும் லேப்டாப்பும் ரேண்டமாக ஒரு வாலைப் போட்டுக்கொண்டு, பொதுவாக ஒரு நாளில் புதிதாக மாற்றிக்கொள்கின்றன. லேப்டாப்பில் `Temporary IPv6 Address` என்று இரண்டு மூன்று முகவரிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது பாதுகாப்புக்காக நடப்பது.

ஆன் பண்ணியும் வரவில்லையா? முதல் எழுத்துகளைப் பாருங்கள்

ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் `About phone` பகுதியிலும், விண்டோஸ் லேப்டாப்பில் `ipconfig` கட்டளையிலும் முகவரி தெரியும். அது `2` என்று தொடங்கினால் வேலை முடிந்தது. `fe80` மட்டும் இருந்தால், ரவுட்டரிடமிருந்து தெருப் பெயர் வந்து சேரவில்லை.

தவறு யாருடையது என்று அறிய ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்துக்குப் போங்கள். `Prefix` என்ற இடம் காலியாக இருந்தால், நிறுவனம் இன்னும் தரவில்லை. கஸ்டமர் கேரில் 'ஐபிவி6 பிரிஃபிக்ஸ் வரவில்லை' என்று அதே வார்த்தையில் புகார் சொல்லுங்கள். அங்கே எண் இருந்தும் போனில் வரவில்லை என்றால், `LAN` பக்க செட்டிங்தான் காரணம்.

இன்னொன்றும் உண்டு. நிறுவனம் வைத்த பெட்டிக்குப் பின்னால் நீங்களே இரண்டாவது ரவுட்டர் மாட்டியிருந்தால், தெருப் பெயர் முதல் பெட்டியோடு நின்றுவிடலாம். இரண்டாவதை `AP` மோடுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

கரண்ட் போய் வந்த பிறகு சில தளங்கள் திணறினால், அதற்கும் ஒரு காரணம் இருக்கலாம். ரவுட்டர் மறுபடி ஆன் ஆகும்போது நிறுவனம் புதிய தெருப் பெயரைக் கொடுத்திருக்கும். இன்வெர்ட்டரிலோ பேட்டரியிலோ ஓடிக்கொண்டிருந்த கருவிகள் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் புதியதை எடுத்துக்கொள்ளும்.

மொரப்பூர் கேமரா என்ன ஆனது?

கேமராவும் ஐபிவி6 தெரிந்த மாடலாக இருந்தால், இப்போது அதற்கும் சொந்த முகவரி கிடைத்துவிடும். சென்னையில் மகனின் போனிலும் மொபைல் டேட்டா வழியே ஐபிவி6 இருக்கிறது. இடையில் பங்கு முகவரி இல்லாததால் நேரடியாகப் பேச வழி உண்டு. முன்பகுதி மாறிக்கொண்டே இருக்கலாம் என்பதால், ஐபிவி6-ஐ ஆதரிக்கும் `DDNS` பெயர் ஒன்றைக் கேமராவில் போட்டுவைப்பது நல்லது.

ஆனால் கவனம் தேவைப்படுவதும் இங்கேதான். வெளியிலிருந்து மகன் வர முடியும் என்றால், மற்றவர்களும் வர முடியும். ரவுட்டரில் `IPv6 Firewall` ஆன் ஆகவே இருக்க வேண்டும். கேமராவுக்கு வேண்டிய ஒரே ஒரு போர்ட்டை மட்டும் திறக்க வேண்டும். 'வேலை செய்யல' என்று மொத்த ஃபயர்வாலையும் ஆஃப் பண்ணினால், கேமராவோடு வீட்டிலுள்ள டிவி, பிரிண்டர் எல்லாமே தெருவுக்கு வந்துவிடும். போர்ட்டைத் திறக்கும் முன், கேமராவோடு வந்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். வாசலைப் பார்க்க வைத்த கேமரா வழியாக வேறு யாரோ வீட்டைப் பார்க்கும் நிலை வரக்கூடாது.